கரிசலில் வீட்டைப் பிடித்து நிறுத்தும் குமிழ்

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் நீரை உள்ளிழுத்து விரிவதே காரணம். இந்த அசைவு மேற்பரப்பில் மிகுதி. ஆழம் போகப் போகக் குறைந்து, சில மீட்டருக்குக் கீழே அநேகமாக நின்றுவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் போடும் சாதாரண அஸ்திவாரம் அசையும் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது. மாடி இல்லாத வீட்டின் எடையும் குறைவு. உப்பும் மண்ணை அதனால் அமுக்கி வைக்க முடியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, பருவத்துக்குப் பருவம் அகன்று குறுகும் விரிசல் இதன் அடையாளம்.

இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறைதான் அண்டர்ரீம்டு பைல். துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூணின் அடிப்பகுதி குமிழாக அகன்றிருக்கும். ஆழமான கரிசலில் தூண் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2911 தர விதி.

250 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணுக்குக் குமிழை வழக்கமாக இரண்டரை மடங்கு, அதாவது 625 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுவார்கள். விட்டம் இரண்டரை மடங்கானால் பரப்பு ஆறேகால் மடங்காகும். ஆகவே வீட்டின் பாரம் அகலமான அடிமண்ணில் பரவி இறங்குகிறது. மேல்மண் நொய்வாக இருக்கும் இடத்திலும் இது கைகொடுக்கும். கரிசலிலோ வேலை எதிர்த்திசையில். உப்பும் மேல்மண் தூணின் பக்கங்களைப் பற்றி மேலே இழுக்க, அசையாத அடிமண் குமிழின் தோள் மீது அமர்ந்து அதைக் கிளம்ப விடாமல் தடுக்கிறது. இந்த அளவுத் தூணுக்கு 12 டன் பாரமும் 6 டன் மேலிழுப்பும் தர விதி தரும் தோராயக் கணக்கு. சுவர் மீட்டருக்கு 4 டன் என்றால், இரண்டு மீட்டருக்கு ஒரு தூணில் 8 டன்தான் விழும்.

இழுப்பைத் தாங்குவது கம்பி. அது குமிழின் அடிவரை போகாவிட்டால் தூண் நடுவில் அறுந்துபோகும்.

முதலில் ஆகரால் நேர்த்துளை இடுகிறார்கள். பிறகு வெட்டுக்கத்திகள் விரியும் கருவியை இறக்கிச் சுழற்றினால் அடியில் மண் குடையப்பட்டு வாளியில் சேரும். குமிழைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதே இம்முறையின் பெரிய பலவீனம். அரைகுறையாக வெட்டிவிட்டுப் போனாலும் வெளியே தெரியாது. ஆனால் கான்கிரீட் பொய் சொல்லாது: மேற்சொன்ன தூணில் வெறும் துளைக்குச் சுமார் 170 லிட்டர் போதும், குமிழோடு சேர்த்தால் 210 லிட்டர் இறங்க வேண்டும். 170-லேயே நிரம்பிவிட்டால் அடியில் குமிழ் இல்லை, அல்லது சரிந்த மண் அந்த இடத்தை அடைத்திருக்கிறது.

தூண்களை இணைக்கும் பீமின் அடியில் சுமார் 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். செலவை மிச்சப்படுத்தப் பலர் பீமை மண்மீதே வார்க்கிறார்கள். அப்போது உப்பும் மண் பீமை நேராகத் தூக்கும், கீழே குமிழ் எவ்வளவு பிடித்தும் பலனில்லை.

நீர்மட்டத்துக்குக் கீழே தளர்ந்த மணல் இருக்கும் இடத்தில் குடைந்த குழி நிற்காமல் சரியும். அங்கே பென்டோனைட் கரைசல் நிரப்பித் துளையிடலாம். அதிலும் குமிழ் நிற்கவில்லையென்றால் வேறு அஸ்திவாரம்தான் வழி.