ஒரே ஆர்டர், இரண்டு குக்கர்

இணையக் கடை ஒன்றில் 5821 என்ற எண்ணில் ஓர் ஆர்டர் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியது ஒரு பிரஷர் குக்கர். வாடிக்கையாளருக்கு உடனே நன்றி சொல்லிவிடும் இணையதளம், கையிருப்பைக் குறைப்பது, அட்டையிலிருந்து பணம் எடுப்பது, குறுஞ்செய்தி அனுப்புவது ஆகிய மெதுவான வேலைகளை ஒரு செய்தியாக எழுதி மெசேஜ் கியூவில் போட்டுவிடுகிறது. பின்னணியில் ஓடும் ‘வொர்க்கர்’ புரோகிராம்கள் அதை எடுத்து வேலையை முடிக்கின்றன.

அமேசானின் எஸ்.க்யூ.எஸ். சேவையில் வொர்க்கர் செய்தியை எடுத்ததும் அது கியூவிலிருந்து போய்விடுவதில்லை. மற்றவர்கள் கண்ணில் படாமல் மறைந்திருக்கும், அவ்வளவுதான். மாற்றி அமைக்காவிட்டால் இந்த மறைவு 30 வினாடி நீடிக்கும். அதற்குள் வேலையை முடித்து, ‘அழித்துவிடு’ என்று வொர்க்கர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வொர்க்கர் பாதியில் செத்துவிட்டது என்று கருதி, கியூ அதே செய்தியை வேறொருவருக்குக் கொடுக்கும். எந்த ஆர்டரும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ‘குறைந்தது ஒரு முறை’ கொண்டுசேர்ப்பது என்பதன் பொருளும் இதுதான்.

நம் வொர்க்கர் சாகவில்லை. கையிருப்பைக் குறைத்துவிட்டு, பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பதில் 35ஆவது வினாடியில்தான் வருகிறது. 30ஆவது வினாடி கடந்ததுமே இன்னொரு வொர்க்கர் 5821ஐ எடுத்து, முதலிலிருந்து தொடங்கிவிட்டது. கையிருப்பில் இரண்டு குக்கர் குறைகிறது. வாடிக்கையாளரின் அட்டையிலிருந்து இரண்டு முறை பணம் போகிறது. எங்கேயும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு செய்தியோடும் வரும் `ApproximateReceiveCount` என்ற எண் 1ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பவருக்குத்தான் நடந்தது புரியும்.

‘சரியாக ஒரே முறை’ கொடுக்கும் கியூவை வாங்கிவிட்டால் தீராதா? எஸ்.க்யூ.எஸ்.ஸில் 2016 முதல் இருக்கும் ஃபிஃபோ வகை, அனுப்புபவர் ஒரே செய்தியை இருமுறை போட்டால் இரண்டாவதை ஒதுக்கிவிடும். ஆனால் அந்த நினைவு 5 நிமிடங்களுக்கு மட்டுமே. காஃப்கா 2017இல் வெளியிட்ட ‘சரியாக ஒரே முறை’ வசதி உண்மையான சாதனைதான். என்றாலும் அது காஃப்காவிலிருந்து எடுத்து, கணக்கிட்டு, காஃப்காவிலேயே எழுதும் வேலைகளுக்குப் பொருந்துமே தவிர, வெளியே ஒரு வங்கியைக் கூப்பிட்டால் அங்கே நடப்பதற்கு அது பொறுப்பேற்காது. பதில் வராதபோது, போன செய்தி தொலைந்ததா, வந்த பதில் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே இரட்டிப்பைத் தாங்கும் பொறுப்பு கடைசியில் பெறுபவரிடமே வந்து சேர்கிறது.

பெறுபவர் செய்ய வேண்டியது, முடித்த வேலைகளுக்கு ஒரு பேரேடு வைப்பது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அது இப்படி இருக்கும்:

```
BEGIN;
INSERT INTO done_jobs (job_id)
VALUES ('5821-stock') ON CONFLICT DO NOTHING;
UPDATE stock SET qty = qty - 1 WHERE item = 'cooker';
COMMIT;
```

`INSERT` ஒரு வரியைச் சேர்த்திருந்தால் மட்டுமே புரோகிராம் `UPDATE`க்குப் போக வேண்டும். எதுவும் சேரவில்லை என்றால் இந்த வேலை ஏற்கெனவே முடிந்தது. செய்தியை அழித்துவிட்டு நகரலாம். இரண்டு வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் வந்தாலும், முதலாவது முடியும்வரை இரண்டாவதைத் தரவுத்தளமே காக்க வைக்கும். பதிவும் வேலையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருப்பது முக்கியம். பிரித்து எழுதினால், இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போகும் ஒரு கணத்தில், பதிவு இருந்தும் வேலை நடக்காமலோ, வேலை நடந்தும் பதிவு இல்லாமலோ போகும்.

பலரும் சறுக்கும் இடம், பேரேட்டில் எந்த எண்ணை எழுதுவது என்பது. கியூ தரும் `MessageId` கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதே செய்தி மறுபடி வரும்போது அது மாறுவதில்லை என்பதால் போதும் என்று தோன்றும். ஆனால் இணையதளம் செய்தியைப் போட்டு, பதில் கிடைக்காமல் மீண்டும் போட்டிருந்தால், சாதாரண கியூவில் ஒரே ஆர்டருக்கு இரண்டு `MessageId` இருக்கும். பேரேடு இரண்டையும் புதியவை என்றே நம்பும். அதனால்தான் மேலே ஆர்டர் எண்ணும் வேலையின் பெயரும் சேர்ந்த `5821-stock` இருக்கிறது.

பணம் எடுக்கும் வேலை இந்த டிரான்சாக்‌ஷனுக்குள் அடங்காது. அது வேறொரு நிறுவனத்தின் கணினியில் நடக்கிறது. ஸ்ட்ரைப் நிறுவனம் இதற்காக `Idempotency-Key` என்றொரு தலைப்பை ஏற்கிறது. `5821-charge` என்று அதில் அனுப்பினால், இரண்டாவது கோரிக்கைக்குப் பணம் எடுக்காமல் முதலில் தந்த பதிலையே திருப்பித் தரும். இதற்கும் கெடு உண்டு: 24 மணி நேரம் கடந்த சாவிகளை நீக்கிவிடலாம் என்று அதன் விதிகள் சொல்கின்றன. எஸ்.க்யூ.எஸ். செய்தியோ 14 நாள்வரை தங்கலாம். சிக்கி நின்ற செய்தியை மூன்றாம் நாள் மறுபடி ஓடவிடுபவர், 5821க்குப் பணம் ஏற்கெனவே வந்ததா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்தி அனுப்பும் சேவை இப்படிச் சாவி எதையும் ஏற்காவிட்டால், வடிவமைப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். பதிந்துவிட்டு அனுப்பினால் சில செய்திகள் போகாமல் விடுபடலாம். அனுப்பிவிட்டுப் பதிந்தால் சில இருமுறை போகலாம். ‘உங்கள் குக்கர் கிளம்பிவிட்டது’ என்ற தகவல் இருமுறை வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால், கடைக்காரர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பதே நியாயம்.