ஸ்டார் விழாத எண்

அந்த அம்மாவுக்கு 58 வயது. சைவம். சர்க்கரைக்காக ஒன்பது வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நாலைந்து மாதமாக இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் லேபின் உள்ளறைக்கே வந்துவிட்டார்.

"டாக்டர், ஃபோலேட்டுக்குப் பக்கத்துல மட்டும்தான் ஸ்டார் போட்டிருக்கு. பி12 நார்மல்தானே? ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டா போதாதா?"

ஃபோலேட் 3.8. எங்கள் கிட்டின் கீழ் எல்லை 3.9 என்பதால் மெஷின் ஸ்டார் போட்டுவிட்டது. பி12, மில்லிக்கு 241 பிகோகிராம். அதன் கீழ் எல்லை 197 என்பதால் ஸ்டார் இல்லை. நான் கவலைப்பட்டது அந்த 241-ஐப் பார்த்துத்தான்.

ஏன் என்று சொல்ல, அந்த எண் மெஷினுக்குள் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் பி12 தனியாகத் திரிவதில்லை. புரதங்களோடு ஒட்டிக்கொண்டே போகிறது. அதனால் முதலில் சீரத்தில் காரத்தையும் துளி சயனைடையும் சேர்த்து, புரதப் பிடியிலிருந்து அதைக் கழற்றுகிறோம். பிறகு இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தை அளந்து விடுகிறோம். சாப்பாட்டில் வரும் பி12-ஐக் குடல் உறிஞ்சுவதற்காக இரைப்பை சுரக்கும் அதே புரதம்தான் இது. இதை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பி12 முதலில் உட்கார்ந்துகொள்கிறது. மிச்சமுள்ள நாற்காலிகளில், அடையாளம் கட்டிய வேறு பி12 வந்து உட்காரும். அப்படி உட்கார்ந்ததிலிருந்து மட்டுமே ஒளி வரும். மெஷின் அளப்பது அந்த ஒளியை. ஆக, ஒளி கூடினால் நோயாளியிடம் பி12 குறைவு. ஒளி மங்கினால் அதிகம்.

இந்தத் தலைகீழ்க் கணக்கில்தான் ஆபத்து இருக்கிறது. வேறு எந்தக் காரணத்தால் ஒளி மங்கினாலும், "பி12 நிறைய இருக்கிறது" என்றே மெஷின் சொல்லும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில மெஷின்களில் அப்படி ஆவதுண்டு. அந்த மெஷின்கள் ஒளிரும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கியில் பயோட்டின் போய் மாட்டிக்கொள்கிறது. இன்னொன்று இதைவிட மோசம். பெர்னிஷியஸ் அனீமியா என்ற நோயில் உடலே இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. அது முழுக்க அழியாமல் சோதனைக் குழாய்க்குள் வந்தால் நாற்காலிகளையே அடைத்துவிடும். பி12 கடுமையாகக் குறைந்த ஆளுக்கே நார்மல் என்று ரிப்போர்ட் போகும். நாற்காலி சுத்தமாக இல்லாவிட்டாலும் இதே கதைதான். பழைய கிட்களின் இன்ட்ரின்சிக் ஃபேக்டரில் வேறு புரதமும் கலந்திருந்ததால் குறைபாடுகள் தப்பிப்போயின என்பது 1978-இல்தான் வெளிவந்தது.

இதெல்லாம் சரியாகவே இருந்தாலும் 241 என்பது மொத்த பி12. அதில் முக்கால் பங்குக்கு ஹாப்டோகோரின் என்ற புரதத்தோடு சுற்றிக்கொண்டிருப்பது. கல்லீரல் தவிர மற்ற செல்களுக்கு அது உதவாது. நரம்புக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போய்ச் சேருவது, டிரான்ஸ்கோபாலமின் சுமந்து போகும் மீதிக் கால் பங்குதான். அதனால்தான் 2024-இல் வந்த பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 180-க்குக் கீழே இருந்தால் குறைபாடு, 350-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் இல்லை, நடுவில் இருந்தால் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று பிரித்திருக்கிறது. ஸ்டார் இல்லாத 241 அந்த நடுவில்தான் உட்கார்ந்திருந்தது.

"ஹீமோகுளோபின் 12.4 இருக்கே, ரத்தசோகை இல்லையே" என்றார் அந்த அம்மா. உண்மைதான், சிவப்பணுக்களின் அளவும் சரியாகவே இருந்தது. ஆனால் பி12 குறைவு ரத்தத்தைத் தொடாமல் நரம்பை மட்டும் தாக்குவது உண்டு. ஸ்டார் விழுந்த ஃபோலேட்டுக்கு மட்டும் மாத்திரை போட்டிருந்தால் என்ன ஆகும்? பி12 குறைவால் ரத்தம் குறைய ஆரம்பித்திருந்தாலும் ஃபோலிக் ஆசிட் அதைச் சரிசெய்து மறைத்துவிடும்; நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும்.

அந்த 3.8 எப்படி வந்தது என்று கேட்டேன். முந்தின வாரம் முழுக்கக் காய்ச்சல்; ரசம் சாதமும் கஞ்சியும்தான் என்றார். சீரம் ஃபோலேட் கடந்த சில நாள் சாப்பாட்டின் கணக்கு, அவ்வளவுதான். கீரை, பயறு இல்லாத ஒரு வாரம் அதை இறக்கிவிடும். எடுப்பதற்கு முந்தைய வேளைச் சாப்பாடு ஏற்றிவிடும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் பொய்யாக ஏறும், ஏனென்றால் சீரத்தைவிடப் பல மடங்கு ஃபோலேட் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. அவருடைய குழாயை எடுத்துப் பார்த்தேன். சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. இளஞ்சிவப்புச் சாயல் இல்லை. ஆக, எண் சரி. அது சொல்வது காய்ச்சல் வாரத்தை.

இனி இரத்தத்தில் எவ்வளவு மிதக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. செல்லுக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கு மெத்தில்மலோனிக் ஆசிட் என்ற பொருளை அளக்கலாம். இதை வேறொன்றாக மாற்றும் என்சைமுக்கு பி12 கட்டாயம் வேண்டும். பி12 போதவில்லை என்றால் இது செல்லில் தேங்கி ரத்தத்தில் ஏறும். ஃபோலேட்டுக்கு இந்த வேலையில் பங்கில்லை. ஹோமோசிஸ்டீனும் ஏறும், ஆனால் பி12, ஃபோலேட் இரண்டில் எது குறைந்தாலும் ஏறும். அதோடு ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே பிரிக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே கூடிக்கொண்டு போகும். சிறுநீரகம் பழுதென்றால் இரண்டுமே உயரும்; அதனால் கிரியாட்டினினைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஒன்றை அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்: ரத்தம் கொடுக்கும்வரை "நரம்பு ஊசி" எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள், பி காம்ப்ளெக்ஸும் வேண்டாம் என்று. நம் ஊரில் கால் மரத்தால் முதல் வேலையாக அந்த ஊசியைத்தான் போட்டுவிடுகிறார்கள். போட்டபின் சீரம் பி12 ஏறிவிடும். மெத்தில்மலோனிக் ஆசிட்டும் சில நாளில் இறங்கிவிடும். குறை இருந்ததா, ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பிறகு பதிலே கிடைக்காமல் போகலாம். தீவிரமான நரம்புக்கோளாறு இருந்தால் மட்டும், முதலில் ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

அவருடைய டாக்டரிடம் பேசினேன். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தபோது அதிர்வை அவரால் உணர முடியவில்லை என்றார். சர்க்கரையாலும் அப்படி ஆகலாம். எனவே அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மறுநாள் ரத்தம் எடுத்தோம். மெத்தில்மலோனிக் ஆசிட் 0.71 மைக்ரோமோல்; அந்த லேபின் மேல் எல்லை 0.40. ஹோமோசிஸ்டீன் 24, எல்லை 15. கிரியாட்டினின் 0.8, அதாவது சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. 241 நார்மல் இல்லை, குறைபாடுதான்.

இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி நெகடிவ் என்று வந்தது. அது பெர்னிஷியஸ் அனீமியாவை முழுசாக விலக்கிவிடாது, நெகடிவாகவே இருக்கும் நோயாளிகளும் உண்டு. ஆனாலும் மெட்ஃபார்மினும் சைவச் சாப்பாடும் சேர்ந்த கதைக்கு இது பொருந்தியது. பி12 ஊசி தொடங்கினார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுக்கவில்லை. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து, காலையில் வெறும் வயிற்றோடு வந்தார். மெத்தில்மலோனிக் ஆசிட் 0.22. ஃபோலேட் 8.4, மாத்திரை இல்லாமலே. எறும்பு ஊர்வது இடது காலில் நின்றுவிட்டது, வலது காலில் ராத்திரியில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றார்.