மாத்திரையா, மனச்சோர்வா?

மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் 20 மில்லிகிராம் சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் தூக்கமும் பசியும் திரும்பிவிட்டன. ஆனால் தாம்பத்தியத்தில் உச்சம் வர வெகுநேரமாகிறது, சில நாள் வருவதேயில்லை. செரோடோனினைக் கூட்டும் இவ்வகை மாத்திரைகளில் இது பெண்களுக்கும் ஆண்களுக்கும் அடிக்கடி நேர்வதுதான். வெட்கப்பட்டுத் தானே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பலர். அதுதான் ஆபத்து: தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், நோயும் திரும்பலாம்.

மனச்சோர்வே ஆசையைக் குறைக்கும் என்பதால், எது எப்போது தொடங்கியது என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம். "மாத்திரைக்கு முன்னாடி இந்தப் பிரச்சினை இல்லீங்க டாக்டர், ஆரம்பிச்ச பிறகுதான் உச்சம் வரத் தாமதமாகுது" என்று சொன்னால் போதும். சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரை, மது பற்றியும் சொல்லிவிடுங்கள்.

நம் நண்பருக்கு மருத்துவர் முதலில் அளவை 10 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். சோர்வு தலைதூக்கினால் புப்ரோபியானைச் சேர்க்கலாம், அல்லது படிப்படியாக அதற்கே மாற்றலாம். அதில் இத்தொல்லை குறைவு. வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. மிர்டசபின் இன்னொரு வழி, ஆனால் தூக்கமும் எடையும் கூடும். விறைப்பு மட்டுமே குறையென்றால் சில்டெனாபில் உதவும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

மாத்திரையை நிறுத்திய பின்னும் சிலருக்கு இத்தொல்லை நீடிப்பதுண்டு. ஆகவே அடுத்த சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.