இன்னும் வராத வழக்குகளுக்கு இன்றே பணம்

மார்ச் 28-ஆம் தேதி இரவு திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு லாரி இருசக்கர வாகனத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓட்டியவருக்குக் கால் எலும்பு நொறுங்கிவிட்டது. காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. அவர் மருத்துவமனையில் கிடக்கிறார். வீட்டார் வக்கீலைத் தேடிப் போக இன்னும் பல மாதங்கள் ஆகும். அந்த லாரிக்குத் தேர்டு பார்ட்டி பாலிசி கொடுத்த காப்பீட்டு நிறுவனம் மூன்று நாள் கழித்து, மார்ச் 31-ல் ஆண்டுக் கணக்கை முடிக்கிறது. விபத்து நடந்ததே அதற்குத் தெரியாது. ஆனால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு 28-ஆம் தேதியே அதன் தலையில் விழுந்துவிட்டது. அந்த நாள் வரைக்குமான பிரீமியமும் இந்த ஆண்டின் வருமானத்தில் ஏறியிருக்கிறது. அதனால் செலவும் இந்த ஆண்டுக் கணக்கில்தான் ஏற வேண்டும்.

இப்படி நடந்து முடிந்தும் நிறுவனத்தின் காதுக்கு எட்டாத இழப்பீடுகளுக்காக எடுத்துவைக்கும் தொகைக்குத்தான் காப்பீட்டுத் துறையில் ஐ.பி.என்.ஆர். என்று பெயர். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் தொழிலதிபர்களும் இருப்பார்கள். ஆண்டுக் கணக்கோடு வரும் குறிப்பில் இந்த ஒரு வரியைப் பார்த்ததும், இது ஆக்சுவரிகளின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவது சுலபம். அந்த ஆண்டு லாபமா நஷ்டமா என்பதைப் பல சமயம் அந்த வரிதான் தீர்மானிக்கிறது என்பது அப்போது கண்ணில் படாது.

இதை ஏதோ அவசரத்துக்கு ஒதுக்கிய சேமிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இது கொடுக்க வேண்டிய கடன்; யாருக்கு, எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. இன்னொரு விஷயமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. நிறுவனத்துக்கு வந்துசேர்ந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கோப்பு திறந்து, இதற்கு மூன்று லட்சம் ஆகலாம் என்று ஒரு மதிப்பீடு போடுவார்கள். பிறகு காலையே எடுக்க வேண்டி வரும். தீர்ப்பாயம் எதிர்கால வருமான இழப்பையும் மனு போட்ட நாளிலிருந்து வட்டியையும் சேர்க்கும். மூன்று லட்சம் பதினைந்தாகும். தெரிந்த கோப்புகளில் இப்படிப் போதாமல் போகும் தொகையையும் இந்தியாவில் ஐ.பி.என்.ஆருக்குள்ளேயே சேர்த்துச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் நியமன ஆக்சுவரி அதற்குச் சான்று அளிக்க வேண்டும்.

தெரியாத ஒன்றை எப்படிக் கணக்கிடுவது? பழைய ஆண்டுகள் எப்படி வளர்ந்தன என்று பார்ப்பதுதான் வழி. ஒரு கற்பனை நிறுவனத்தின் தேர்டு பார்ட்டி கணக்கை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பவை கோடி ரூபாய். கொடுத்து முடித்த தொகையும் கோப்புகளில் போட்ட மதிப்பீடும் சேர்ந்தவை. ஒவ்வொரு வரியும் விபத்து நடந்த ஆண்டு.

| விபத்து ஆண்டு | 12 மாதத்தில் | 24 மாதத்தில் | 36 மாதத்தில் | 48 மாதத்தில் |
|---|---|---|---|---|
| 2021-22 | 40 | 80 | 100 | 110 |
| 2022-23 | 44 | 88 | 110 | |
| 2023-24 | 50 | 100 | | |
| 2024-25 | 48 | | | |

கீழ் வலப்பக்கம் காலியாக இருப்பதால் இதை முக்கோணம் என்பார்கள். அந்தக் காலியிடத்தை நிரப்புவதுதான் ஆக்சுவரியின் வேலை. முதல் ஆண்டிலிருந்து இரண்டாம் ஆண்டுக்குத் தொகை இரண்டு மடங்காகிறது. அடுத்த ஆண்டு 1.25 மடங்கு. அதற்கடுத்து 1.10 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 2.75. ஆக 2024-25-ன் 48 கோடி முடிவில் 132 கோடியாக வளரும் என்று எதிர்பார்க்கலாம். எடுத்துவைக்க வேண்டியது 84 கோடி. இதே முறையில் 2023-24-க்கு 37.5 கோடியும் 2022-23-க்கு 11 கோடியும் வரும். மொத்தம் 132.5 கோடி. நான்கு ஆண்டுகளோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது என்று இங்கே எளிமைக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் மோட்டார் வழக்குகளின் வால் இதைவிட நீளம். அதற்குத் தனியாக ஒரு பெருக்கல் உண்டு.

இந்தத் தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு ஆண்டிலிருந்து வருகிறது. அதுவும் நாம் மிகக் குறைவாக அறிந்த ஆண்டிலிருந்து. அந்த ஆண்டின் பிரீமியம் 150 கோடி என்றால், கையில் உள்ள 48 கோடியை மட்டும் பார்த்தால் நூறு ரூபாய்க்கு 32 ரூபாய்தான் இழப்பீடு. ஐ.பி.என்.ஆரைச் சேர்த்தால் 88 ரூபாய். முதல் பெருக்கல் எண் 2 என்பதை 2.2 என்று மாற்றினால் மட்டும் 13 கோடிக்கு மேல் கூடிவிடும்.

இனி அந்த 48-ஐ உற்றுப் பாருங்கள். முந்தைய ஆண்டு இதே கட்டத்தில் 50 இருந்தது. வியாபாரம் வளர்ந்திருக்கும்போது கோரிக்கை குறைவானேன்? விபத்துகள் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அல்லது விபத்துகள் அதே அளவுதான், வழக்குகள் வந்துசேர்வதில் தாமதம். 2020-ல் ஊரடங்கின்போது இரண்டும் சேர்ந்தே நடந்தன: சாலையில் வண்டிகள் குறைந்தன, நீதிமன்றங்களும் முடங்கின. மூன்றாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. கோரிக்கைப் பிரிவில் யாரோ கோப்புகளில் போடும் முதல் மதிப்பீட்டைக் குறைத்திருக்கலாம். பெருக்கல் முறைக்கு இந்த வேறுபாடு தெரியாது. 48-ஐ எடுக்கும், 2.75-ஆல் பெருக்கும், அவ்வளவுதான். தாமதத்தால் 8 கோடி வராமல் நின்றிருந்தால் அது 22 கோடிப் பள்ளமாகிவிடும். மாறாக, ஒரே ஒரு பெரிய விபத்து 2 கோடிக்குச் சீக்கிரமே பதிவானால் அதையும் 5.5 கோடியாக ஊதிக் காட்டும்.

இந்தப் பலவீனத்துக்கு 1972-ல் அமெரிக்காவில் பார்ன்ஹூட்டர், ஃபெர்குசன் என்ற இரண்டு ஆக்சுவரிகள் ஒரு மாற்று சொன்னார்கள். இன்றும் உலகம் முழுக்க அது புழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் முறையில் 48-ஐப் பெருக்குவதில்லை. விலை நிர்ணயத்திலிருந்தும் பழைய ஆண்டுகளிலிருந்தும், நூறு ரூபாய் பிரீமியத்துக்கு 95 ரூபாய் இழப்பீடு ஆகும் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு வைக்கிறார்கள். 150 கோடிக்கு அது 142.5 கோடி. முதல் ஆண்டு முடிவில் பதினொன்றில் நான்கு பங்குதான் வெளிவரும் என்று 2.75 என்ற எண்ணே சொல்கிறது. மீதி ஏழு பங்கு, அதாவது 90.7 கோடி, எடுத்துவைக்க வேண்டும். 84 அல்ல. முதல் ஆண்டுத் தொகை கொஞ்சம் ஆடினாலும் இந்த 90.7 ஆடாது. ஆனால் அந்த 95 யாருடைய எதிர்பார்ப்பு? வியாபாரப் பிரிவு சொன்ன நம்பிக்கைக் கணக்காக இருந்தால் முறையின் நன்மை அங்கேயே போயிற்று. இயக்குநர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது குறைவு என்பது என் எண்ணம்.

கடந்த காலம் தொடரும் என்ற அனுமானத்தைச் சட்டமும் உடைக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று இருந்தது. 1994-ல் திருத்தம் செய்து அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துக்கூட மனு வரலாம் என்ற நிலையில்தான் நம் நிறுவனங்களின் முக்கோணங்கள் வளர்ந்தன. 2019 திருத்தம் ஆறு மாத வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வரம்பை எதிர்த்தும் வழக்குகள் போனார்கள். வரம்பு அப்படியே நிலைத்தால் மனுக்கள் முன்னதாக வந்துசேரும். முதல் ஆண்டுத் தொகை உயரும். பழைய 2 மடங்கை அதன்மேல் போட்டால் தேவைக்கு மேல் ஒதுக்கிவிடுவோம். தளர்ந்தால் பழைய வால் திரும்பும். எந்தப் பெருக்கல் எண் எந்தச் சட்ட காலத்திலிருந்து எடுத்தது என்று ஆக்சுவரி தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

கணிப்பு சரியா என்று பார்க்கப் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நம் உதாரணத்தில் அடுத்த மார்ச்சில் 48 என்பது 96 ஆக வேண்டும். 100 என்பது 125. 110 என்பது 121. இதைக் காலாண்டு வாரியாகப் பிரித்து, எதிர்பார்த்தது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம் என்று இயக்குநர்களுக்குக் காட்டலாம். 96-க்குப் பதில் 108 வந்தால் கூடுதல் 12 கோடிதானே என்று விடக் கூடாது. அது மேலும் வளர்ந்து 16.5 கோடியாக முடியும். ஒரு முறை கூடுவதும் ஒரு முறை குறைவதும் இயல்பு. நான்கு காலாண்டும் ஒரே திசையில் தவறினால் எண்ணில் சாய்வு இருக்கிறது. கோப்புகளில் மதிப்பீட்டைக் குறைத்துப் போடுகிறார்களா என்பதையும் பிடிக்கலாம். திறந்திருக்கும் ஒரு கோப்புக்குச் சராசரியாக எவ்வளவு மதிப்பீடு, முடித்த ஒரு கோப்புக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும். முதலாவது தேங்கி நிற்க, இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் அதுவே அடையாளம்.

இவையெல்லாம் காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. சரக்கு லாரி போன்ற வணிக வாகனங்களின் தேர்டு பார்ட்டி காப்பீடு நஷ்டம் என்று நிறுவனங்கள் தட்டிக்கழித்ததால், 2007 ஏப்ரலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மோட்டார் தொகுப்பு தொடங்கப்பட்டது. நிர்வாகம் ஜி.ஐ.சி. வசம். யார் பாலிசி விற்றாலும் இழப்பை எல்லா நிறுவனங்களும் தத்தம் சந்தைப் பங்குக்கு ஏற்பச் சுமந்தன. நான்கு ஆண்டில் ஒதுக்கியது போதவில்லை என்று தெரிந்தது. 2011 மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. எல்லா ஆண்டுகளுக்கும் நூறு ரூபாய் பிரீமியத்துக்கு 153 ரூபாய் இழப்பீடு என்று கணக்கிடச் சொன்னது. பிறகு பிரிட்டன் அரசின் ஆக்சுவரித் துறை அதே கணக்கை மறுபடி பார்த்தது. 2012 ஜனவரியில் வந்த எண்கள்: 2007-08-க்கு 159, 2008-09-க்கு 188, 2009-10-க்கு 200, 2010-11-க்கு 213. மிகப் பழைய ஆண்டு அதிகம் நகரவில்லை. 153-லிருந்து ஆறு ரூபாய்தான். மிகப் புதிய ஆண்டு அறுபது ரூபாய் நகர்ந்தது.

அந்தப் பாலிசிகள் எப்போதோ விற்று முடிந்தவை. விபத்துகளும் நடந்து முடிந்தவை. 2011-12 கணக்கில் நிறுவனங்கள் அவற்றுக்காக மீண்டும் நூற்றுக்கணக்கான கோடிகளை எழுதிக்கொண்டன. ஒரு லாரிக்குக்கூட நேரடியாகப் பாலிசி விற்காத நிறுவனமும் தன் சந்தைப் பங்குக்கு உரிய பகுதியை ஏற்க வேண்டியிருந்தது. 2012 மார்ச்சோடு தொகுப்பு கலைக்கப்பட்டது.