வைவா தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த அன்று லேபில் எல்லோருக்கும் இனிப்பு கொடுப்பது வழக்கம். லட்டைக் கையில் கொடுத்துவிட்டு, "இனிமேதான் சார் வெளிநாட்டுல போஸ்ட்டாக் தேட ஆரம்பிக்கணும்" என்று சொல்லும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களிடம் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் லட்டு கசந்துவிடும். உண்மையில் அந்தத் தேடலை அவர்கள் தொடங்கியிருக்க வேண்டிய நாள் அதற்கு ஆறு மாதம் முன்பே போய்விட்டது.

போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டம் முடித்தவர் இன்னொரு ஆய்வுக் குழுவில் இரண்டு, மூன்று ஆண்டுகள் சம்பளத்துடன் ஆய்வு செய்யும் வேலை. இது கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது. பணம் யாருடையது? பட்டம் எந்தத் தேதியில் கையில் இருக்கும்?

இரண்டாவது கேள்வியில்தான் நம் ஊர் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். இங்கே முதலில் சினாப்சிஸ், பிறகு ஆய்வேடு. அது வெளித் தேர்வாளர்களுக்குப் போய், அவர்களுடைய அறிக்கைகள் வந்த பிறகே வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வைவா உட்பட எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று யுஜிசியின் 2022 விதிமுறை சொல்கிறது. ஒரு தேர்வாளர் அறிக்கை அனுப்பத் தாமதித்தால் அந்த ஆறு மாதமும் தாண்டிப் போகலாம். வெளிநாட்டு நிதி அமைப்புகளுக்கோ ஆய்வேட்டை ஒப்படைத்த நாள் ஒரு பொருட்டல்ல. வைவா முடிந்ததா, பட்டம் உறுதியானதா என்றுதான் பார்ப்பார்கள்.

இனி முதல் கேள்வி. போஸ்ட்டாக் சம்பளம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பேராசிரியர் தன் ஆய்வுத் திட்டத்துக்கு வாங்கி வைத்திருக்கும் பணம். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்கள் இப்படித்தான். மற்றது, நாமே விண்ணப்பித்து வாங்கும் ஃபெல்லோஷிப். இதில் பேராசிரியர் இடம் மட்டும் தருவார், பணம் வெளியிலிருந்து வரும்.

ஒரு குழுவிடம் பணம் இருக்கிறதா என்பதை அவர்களைக் கேட்காமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அவர்கள் சமீபத்தில் வெளியிட்ட கட்டுரையின் கடைசிக்கு வாருங்கள். நன்றி தெரிவிக்கும் பத்தியில் நிதி கொடுத்த அமைப்பின் பெயரும் திட்ட எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஐரோப்பிய ஒன்றியத் திட்டமானால் CORDIS என்ற தளத்திலும், ஜெர்மன் திட்டமானால் GEPRIS தளத்திலும், அமெரிக்க மருத்துவ ஆய்வானால் NIH RePORTER தளத்திலும் தட்டிப் பாருங்கள். திட்டம் எப்போது தொடங்கியது என்று தெரிந்துவிடும். ஐந்து ஆண்டுத் திட்டத்தின் முதல் ஆண்டில் இருக்கும் பேராசிரியர் ஆள் தேடிக்கொண்டிருப்பார். கடைசி ஆண்டில் இருப்பவர், எவ்வளவு நல்லவரானாலும், "இப்போது இடமில்லை" என்றுதான் எழுதுவார். அவரிடம் ஃபெல்லோஷிப் வழியாகத்தான் போக வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகே மெயில். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் உலகப் புகழ்பெற்ற குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன், என் சுயவிவரத்தை இணைத்திருக்கிறேன்" என்ற மெயில் வாரத்துக்குப் பல முறை அவருக்கு வருகிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் அனுப்பலாம் என்பதால் யாரும் அதற்குப் பதில் போடுவதில்லை.

சோடியம் மின்கலத்தில் ஆய்வு செய்யும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய பொருளில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதிக மின்னழுத்தத்துக்கு ஏற்றும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, நாளடைவில் மின்கலத்தின் திறன் குறைகிறது. கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் அந்த நழுவல் குறைகிறது என்பது அவர் ஆய்வேட்டின் மையம். ஆங்கிலத்தில் அவர் எழுத வேண்டிய மெயிலின் சாரம் இது:

"உங்கள் கட்டுரையில், மின்கலம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிரால் அடுக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள். நான் மக்னீசியம் சேர்த்த மாதிரிகளில் திறன் இழப்பு குறைவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஏற்றம் முடிந்த பிறகுதான் என்னால் மாதிரியைப் பார்க்க முடிந்தது. நழுவல் நடக்கவே இல்லையா, நடந்து திரும்பி விடுகிறதா என்பது தெரியவில்லை. உங்கள் கருவியில் இதைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைக்கிறேன், வைவா செப்டம்பர் வாக்கில். ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணுகிறேன். நீங்கள் எனக்கு இடமளிக்க முடியுமா என்று இருபது நிமிடம் பேசலாமா?"

இதில் பாராட்டு ஒரு வரிகூட இல்லை. அவருடைய வேலையில் ஒரு கேள்வி, தன்னால் கொண்டுவர முடிந்தது, தேதி, பணத்துக்கு வழி, அவ்வளவுதான். இதோடு இரண்டு பக்க சுயவிவரமும் தன் சிறந்த கட்டுரை ஒன்றும் இணைத்தால் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த குழு. ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பும் நேரத்தில் ஐந்து பேருக்கு இப்படி எழுதலாம்.

இப்போது இதே மாணவியின் நாட்காட்டியைப் பார்ப்போம். அவர் 2025 மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைத்தார், வைவா செப்டம்பர் 22 அன்று நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபெல்லோஷிப்புகள் இந்தத் தேதியை மூன்று விதமாகப் பார்க்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு, விண்ணப்பம் மூடும் நாளன்றே பட்டம் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வராவிட்டாலும் வைவா வெற்றிகரமாக முடிந்திருந்தால் போதும். 2025இல் அந்தக் கடைசி நாள் செப்டம்பர் 10. நம் மாணவியின் வைவா பன்னிரண்டு நாள் கழித்து. அந்தப் பன்னிரண்டு நாளுக்காக அவர் அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும், முடிவு 2027 பிப்ரவரி வாக்கில்தான் வரும். போட்டியும் சாதாரணமல்ல. 2024இல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேர் தேர்வானார்கள், அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் பதினேழாயிரத்தைத் தாண்டின.

ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை, ஆறு மாதத்துக்குள் பட்டம் முடிக்கப்போகிறவர்களையும் விண்ணப்பிக்க விடுகிறது. அதாவது மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைத்த கையோடு அவர் இதற்கு விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் அன்று ஆய்வுத் திட்டமும், ஜெர்மன் பேராசிரியரின் ஒப்புதல் அறிக்கையும், பரிந்துரைக் கடிதங்களும் தயாராக இருக்க வேண்டும். பேராசிரியரோடு பேசி, திட்டத்தை இரண்டு மூன்று முறை திருத்தி முடிக்க நான்கைந்து மாதம் ஆகும். ஆகவே முதல் மெயில் போயிருக்க வேண்டியது 2024 அக்டோபரில், சினாப்சிஸ் எழுதும் காலத்தில்.

ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் ஃபெல்லோஷிப்பில் மாணவர் விண்ணப்பிப்பதே இல்லை. அங்குள்ள பேராசிரியர் தன் பல்கலைக்கழகம் வழியாக மாணவருக்காக விண்ணப்பிக்கிறார். பட்டம் ஃபெல்லோஷிப் தொடங்கும் நாளில் இருந்தால் போதும். அதனால் வைவா தேதி இதில் அதிகம் உறுத்தாது. ஆனால் ஜேஎஸ்பிஎஸ் அறிவிக்கும் கடைசி நாளுக்கு முன்பே பல்கலைக்கழகம் தனக்கென ஒரு கடைசி நாள் வைத்திருக்கும். பேராசிரியரிடம் கேட்க வேண்டியது அந்த உள் தேதியைத்தான்.

இந்த விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டியை நேராகப் படித்துவிடுங்கள், சீனியர் அண்ணன் சொன்னார் என்று இருந்துவிடாதீர்கள். மேரி கியூரியில் பலரும் கவனிக்காத ஒரு விதி உண்டு. கடைசி நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் எந்த நாட்டில் வேலை செய்திருக்கிறீர்களோ, அந்த நாட்டுக்கு அந்த ஃபெல்லோஷிப் கிடைக்காது. பேராசிரியரின் பணத்தில் பெர்லினுக்குப் போய் ஒன்றரை ஆண்டு வேலை செய்துவிட்டு, அதே லேபிலிருந்து மேரி கியூரிக்கு விண்ணப்பிக்க உட்காரும்போதுதான் சிலருக்கு இது தெரிய வருகிறது.

ஃபெல்லோஷிப்பா, பேராசிரியரின் பணமா என்பதில் கௌரவத்தை மட்டும் பார்க்க வேண்டாம். ஜெர்மனியில் திட்டச் சம்பளத்தில் சேர்ந்தால் வரியும் காப்பீடும் ஓய்வூதியத் தொகையும் பிடிப்பார்கள். ஹம்போல்ட் உதவித்தொகைக்கு வரி இல்லை, ஆனால் அதிலிருந்து ஓய்வூதியக் கணக்குக்கும் எதுவும் போகாது. பேராசிரியரின் வேலையில் பட்டத் தேதியைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. வைவா தள்ளிப்போனால் சேரும் நாளைத் தள்ளி வைக்க அவரால் முடியும். ஃபெல்லோஷிப்பின் கடைசி நாளை யாராலும் தள்ளிவைக்க முடியாது.

ஆக, நம் மாணவிக்குக் குறுகிய கதவு செப்டம்பர் 10. அந்தப் பன்னிரண்டு நாளை எங்கே மீட்டிருக்கலாம்? சினாப்சிஸ் கொடுக்கும்போதே தேர்வாளர் பட்டியல் போகிறது. அந்த நேரத்தில் கைடிடம் உட்கார்ந்து, "மேடம், எனக்குச் செப்டம்பர் முதல் வாரத்துக்குள்ள வைவா முடியணும், குறித்த நேரத்துல ரிப்போர்ட் அனுப்புறவங்களாப் பார்த்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கலாம். மே மாதமே தேர்வுப் பிரிவில் விசாரித்து, அறிக்கை வராத தேர்வாளருக்கு நினைவூட்டல் அனுப்பச் சொல்லியிருக்கலாம். வைவா முடிந்த அன்றே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து, பட்டத்துக்குத் தகுதி பெற்றதாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கலாம். புரொவிஷனல் சான்றிதழ் வரும்வரை வெளிநாட்டில் அந்தக் கடிதம்தான் பேசும்.

இப்போதெல்லாம் என்னிடம் வருபவர்களை ஒரு காகிதத்தின் அடியில் வைவா தேதியை உத்தேசமாக எழுதச் சொல்கிறேன். பிறகு மேலே மேலே போகச் சொல்கிறேன்: ஆய்வேடு, பரிந்துரைக் கடிதம், பேராசிரியரின் ஒப்புதல், முதல் மெயில். உச்சியில் வந்து நிற்கும் தேதி பெரும்பாலும் போன மாதமாக இருக்கும். அப்படியானால் அந்த மெயிலை இன்று இரவு எழுதிவிட வேண்டியதுதான்.