புடவையைத் தின்னும் லேப்டாப் பை

லேப்டாப் பை வாங்கக் கடைக்குப் போனால் முதலில் கேட்பது, "15.6 இன்ச் உள்ளே போகுமா?" என்பதுதான். கடைக்காரர் தலையாட்டிவிட்டால் போதும், பில் போட்டுவிடுவார்கள். இந்தப் பையை எந்த உடுப்பின் மேல் மாட்டப் போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. லேப்டாப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பை, பார்த்துப் பார்த்துக் கட்டிய காட்டன் புடவையை ஆறே மாதத்தில் பாழாக்கிவிடும். பையை உடுப்புக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். லேப்டாப் அதற்குள் எப்படியும் அடங்கிக்கொள்ளும்.

குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, மெட்ரோ மாறி ஆயிரம் விளக்கு போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் ஐந்தடி இரண்டு அங்குலம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் புடவை, மற்ற நாட்களில் குர்தி. அலுவலகம் கொடுத்தது 14 இன்ச் லேப்டாப். அதன் எடை ஏறக்குறைய 1.4 கிலோ, சார்ஜர் 300 கிராம், டிபன் பாக்ஸ் 600, நிரப்பிய தண்ணீர் பாட்டில் 900, குடை 300, பர்ஸும் சில்லறைச் சாமான்களும் 300. வெறும் பையே 700 கிராம் இருக்கும். மொத்தம் நாலரைக் கிலோ. இத்தனையையும் ஒரே பையில் திணிப்பதில்தான் வினை தொடங்குகிறது. கொள்ளவேண்டும் என்பதற்காகப் பெரிய பை வாங்குகிறார்கள். பெரிய பையில் இடம் இருப்பதால் இன்னும் நாலு சாமான் ஏறுகிறது.

முதலில் இன்ச் கணக்கை மறந்துவிடலாம். அது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை அளந்தது. பைக்குத் தேவை லேப்டாப்பின் நீள அகலம். 14 இன்ச் லேப்டாப் பெரும்பாலும் 31, 32 சென்டிமீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். 15.6 இன்ச் என்றால் நீளம் 36ஐத் தொடும். வீட்டில் டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். பையின் வெளி அளவைப் பார்த்து ஏமாறாமல், ஜிப்பைத் திறந்து அட்டை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்க்கலாம். வாய் குறுகலான பைகளில் லேப்டாப்பை ஒவ்வொரு முறையும் சாய்த்துச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது உடலின் அளவு. நம் பெண்ணுக்குத் தோள்பட்டையின் உச்சியிலிருந்து இடுப்பின் அகலமான இடம்வரை 55, 56 சென்டிமீட்டர் இருக்கும். தோளில் மாட்டும் டோட் பை இதைத் தாண்டித் தொங்கக் கூடாது. தாண்டினால் ஒவ்வொரு அடிக்கும் பையின் அடிப்பாகம் இடுப்பில் மோதி, பக்கவாட்டுத் துணியை இழுக்கும்; கிண்டி போய்ச் சேர்வதற்குள் கொசுவம் ஒருபக்கம் சரிந்திருக்கும். பையின் உயரம் 29, வாய்க்கு மேலே வார் எழும்பும் உயரம் 26 என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். வார் இதைவிட ரொம்பக் குட்டையாக இருந்தால் அக்குளில் இறுகி ரவிக்கையின் கையைச் சுருட்டிவிடும். அகலம் 36, ஆழம் 10 முதல் 12 வரை போதும். ஆழம் கூடக் கூட, கூட்டத்தில் பை உடம்பைவிட்டு விலகி நிற்கும். பக்கத்தில் நிற்பவர் நகரும்போதெல்லாம் முந்தானையும் சேர்ந்து நகரும்.

புடவை நாளில் பை வலது தோளில்தான் இருக்க வேண்டும். முந்தானை மடிப்பும் ஊக்கும் இடது தோளில் இருக்கின்றன. அங்கே இரண்டரைக் கிலோவைத் தொங்கவிட்டால், ஊக்கு குத்திய இடத்தில் நூல் விலகிச் சின்ன ஓட்டை விழும். மெல்லிய மல் காட்டனிலும் கோட்டாவிலும் இது ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும். லேப்டாப், சார்ஜர், பர்ஸ் மட்டும் டோட் பையில். டிபன், தண்ணீர், குடை தனியாக ஒரு கைப்பையில். தோளில் 2.7 கிலோ, இடது கையில் 1.8 கிலோ. ரயிலில் கம்பியைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் கைப்பையை முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம்.

எடை இரண்டு தோளிலும் சமமாக விழ வேண்டும், அதனால் பேக்பேக்தான் முதுகுக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். குர்தி நாட்களுக்கு அது சரி. உயரம் 42, அகலம் 28க்கு மிகாத பேக்பேக்காகப் பார்த்து எடுத்தால் தோள் அகலத்துக்குள் அடங்கும்.

ஆனால் பேக்பேக்கோ டோட்டோ, எதை எடுத்தாலும் என் கவலை வாரின் அடிப்பக்கத்தைப் பற்றித்தான். விற்பனை அட்டையில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நைலான் வாரின் விளிம்பை விரலால் வருடிப் பாருங்கள், அரம்போல் சொரசொரக்கும். காற்றோட்டத்துக்காக என்று வைக்கும் வலைத்துணி அதைவிட மோசம். நடக்கும்போது அது தோளில் இடைவிடாமல் உரசுகிறது, வியர்வை சேர்ந்தால் உரசல் கூடுகிறது. ரேயான் குர்தியின் தோளில் சின்னச் சின்ன உருண்டைகளாக நூல் திரள்வதும், ஜார்ஜெட்டில் இழை இழுபடுவதும், காட்டனில் அந்த இடம் மட்டும் வெளுப்பதும் இதனால்தான். துவைத்ததால் போனது என்று சோப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பழைய துப்பட்டாத் துண்டு ஒன்றை எடுத்துப் போய், வாரின் அடிப்பக்கத்தில் பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேயுங்கள். இழை எழும்பினால் அந்தப் பை வேண்டாம். பிறகு வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கறுப்பு, மெரூன், கருநீலப் பைகளின் பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் சாயம் ஏறினால், சித்திரை வெயிலில் உங்கள் முதுகிலும் ஏறும். வெளிர்நிறக் காட்டனில் அப்படி ஒட்டிய சாயம் லேசில் போகாது.

லெதர் என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பாலும் ரெக்சின்தான். வார் வெட்டப்பட்ட ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: மேலே மெல்லிய பூச்சு, அடியில் துணி தெரிந்தால் அது ரெக்சின். நம் கடலோர ஈரக்காற்றில் அந்தப் பூச்சு சில வருடங்களில் இளகி, செதில் செதிலாக உரியத் தொடங்கும். வார் மடங்கும் இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். அதைக் கண்டதும் பையை மாற்றிவிடுங்கள். உரிந்த கறுப்புத் துகள் வியர்த்த துணியில் ஒட்டினால், தட்டினால் போகாது. தேய்த்தால் இன்னும் பரவும். வெல்க்ரோ மூடிகளும் வேண்டாம். பூனம் புடவையோ ஷிஃபான் துப்பட்டாவோ ஒரு முறை அதில் மாட்டினால் போதும், இழை வந்துவிடும்.

நல்ல பை ஏற்கெனவே கையில் இருக்கிறது, வார் மட்டும்தான் சொரசொரப்பு என்றால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தோளில் படும் நீளத்தை, சுமார் 25 சென்டிமீட்டர், குறித்துக்கொண்டு பை தைப்பவரிடம் கொடுங்கள். பழைய பட்டு ரவிக்கைத் துணியையோ வழவழப்பான சாட்டினையோ உறையாகத் தைத்துத் தருவார். இரு ஓரத்திலும் பிரஸ் பட்டன் வைக்கச் சொன்னால், வாரம் ஒருமுறை கழற்றித் துவைக்கலாம். சாயம் போகாத வெளிர்நிறத் துணியாக நீங்களே எடுத்துக் கொடுப்பது நல்லது. அவரிடம் விட்டால் கையில் கிடைத்த கறுப்புத் துணியைத்தான் வைப்பார்.