ரீஃபண்ட் வரவில்லையா? கடைசித் தேதி வைத்து ஒரு நோட்டீஸ்

திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் ஆன்லைனில் 38,500 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 6ஆம் தேதி பொருள் வீடு வந்து சேர்கிறது. இரண்டு நாள் ஓடியும் குளிரவே இல்லை. புகார் செய்கிறார், மெக்கானிக் வந்து பார்க்கிறார், மார்ச் 14 அன்று வண்டி வந்து ஃப்ரிட்ஜைத் திரும்ப எடுத்துப் போகிறது. அன்றே செல்போனில் ஒரு செய்தி வருகிறது: ‘உங்கள் பணம் 7 வேலை நாட்களில் கணக்கில் சேரும்.’

அந்தக் கெடு மார்ச் 25ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. ஏப்ரல் முழுக்க கஸ்டமர் கேரில் ஒரே பதில்தான்: ‘ப்ராசஸில் இருக்கிறது சார், இரண்டு நாளில் வந்துவிடும்.’ யாரும் தரமாட்டோம் என்று சொல்லவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மறுத்துவிட்டால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். ‘வந்துவிடும்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எந்தத் தேதியிலிருந்து அது ஏமாற்று என்று எடுத்துக்கொள்வது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன் அனுப்பும் நோட்டீஸ் இந்தக் கேள்விக்குத்தான் முடிவு கட்டுகிறது. கம்பெனியைப் பயமுறுத்த அது பெரிதாக உதவாது. ‘இந்தத் தேதிக்குப் பிறகு நான் காத்திருக்கவில்லை’ என்பதை எழுத்தில் பதிவு செய்ய உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்படி ஒரு நோட்டீஸ் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. செக் பவுன்ஸ் வழக்கில் 15 நாள், அரசு மீதான சிவில் வழக்கில் இரண்டு மாதம் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் வழக்கத்தில் எல்லோரும் அனுப்புகிறார்கள், காரணத்தோடுதான். ‘எங்களிடம் சொல்லியிருந்தால் அப்போதே கொடுத்திருப்போமே’ என்று எதிர்த்தரப்பு ஆணையத்தில் அப்பாவி முகம் காட்ட முடியாமல் போகிறது. வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதுமில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

எழுதும் முன் உங்கள் உரிமை எதில் நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பணத்தைத் திருப்பித் தராததும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு. அதற்குக் கெடுவும் உண்டு: பில்லில் ஒரு காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள். நம் ஃப்ரிட்ஜ்காரருக்கு இது தாராளம். ஏழு வேலை நாள் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது கணக்கில் வராது என்று வாதாடினாலும், மார்ச் 14இல் பொருளை எடுத்துப் போனவர்களுக்கு 30 நாள் ஏப்ரல் நடுவிலேயே முடிந்துவிட்டது. ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020இல் வந்த தனி விதிகளும் துணைக்கு நிற்கின்றன. குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புக்கொண்ட ரீஃபண்டை நியாயமான காலத்துக்குள் தர வேண்டும்.

அடுத்தது, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? நிறையப் பேர் சறுக்குவது இதில்தான். விளம்பரத்தில் பார்த்த பெயருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள். விற்றவர் என்று வேறொரு கம்பெனியின் பெயரும், ஜி.எஸ்.டி. எண்ணும், ஏதோ ஒரு ஊரின் கிடங்கு முகவரியும் இருக்கும். விற்றவர் ஒருவர், பணத்தை வாங்கிய தளம் இன்னொருவர். இருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டித் தப்பிக்கப் பார்ப்பார். பில்லில் உள்ள முகவரி, தளத்தில் உள்ள பதிவு அலுவலக முகவரி, குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் மூன்றையும் பயன்படுத்துங்கள்.

இனி வாசகம். மிகைப்படுத்தாத, தேதி தேதியாக நகரும் நோட்டீஸ்தான் பிற்பாடு உபயோகப்படும். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘நான் தங்கள் தளத்தின் வழியாக ரூ.38,500 செலுத்தி வாங்கிய ஃப்ரிட்ஜ் 6.3.2025 அன்று எனக்கு வந்து சேர்ந்தது. அது குளிரவில்லை என்பதைத் தங்கள் மெக்கானிக் நேரில் பார்த்து உறுதி செய்தார். 14.3.2025 அன்று தாங்கள் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 7 வேலை நாட்களில் பணம் தருவதாக எழுத்தில் தெரிவித்தீர்கள். இன்றுவரை பணம் வரவில்லை. எனவே ரூ.38,500ஐயும், 26.3.2025 முதல் பணம் வந்து சேரும் நாள்வரை ஆண்டுக்கு 9 சதவீத வட்டியையும், நான் பணம் செலுத்திய அதே வங்கிக் கணக்கில் 26.5.2025 மாலை 5 மணிக்குள் செலுத்துமாறு கோருகிறேன். இதுவே இறுதி வாய்ப்பு. தர மறுப்பதற்குக் காரணம் இருந்தால் அதே தேதிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் மேலும் அறிவிப்பின்றி, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்வேன். அதற்கான செலவும் இழப்பீடும் தங்களைச் சாரும்.’

மேலே ஆர்டர் எண்ணும் பில் எண்ணும், கீழே உங்கள் முகவரியும் கையெழுத்தும். பில், திரும்ப எடுத்துப் போனதற்கான ரசீது, அந்த ‘7 வேலை நாள்’ செய்தி மூன்றின் நகலையும் இணையுங்கள். அசலை ஒருபோதும் அனுப்பாதீர்கள். இதையெல்லாம் அனுப்பும் முன்பே ஆப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. நோட்டீஸ் போன பிறகு கணக்கு முடங்கினால் ஆர்டர் விவரமே கண்ணில் படாது.

கெடுவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எத்தனை நாள் என்று சட்டம் சொல்லாததால் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பதினைந்து நாள் பரவலான வழக்கம். மூன்று நாள் கொடுத்தால், உள்ளே இரண்டு பிரிவுகளைத் தாண்டிப் போக வேண்டிய ஒரு கம்பெனிக்கு அது போதவில்லை என்ற பேச்சு எழும். இரண்டு மாதம் கொடுத்தால், இவருக்கே அவசரமில்லை போலிருக்கிறது என்று தோன்றும். ‘நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கிடைத்தது எந்தத் தேதி என்பதில் சண்டை வரும். ஐந்தாம் தேதி தபாலில் சேர்த்து, எட்டில் டெலிவரி என்று டிராக்கிங் காட்டும். அவர்களோ பன்னிரண்டில்தான் உரிய பிரிவுக்கு வந்தது என்பார்கள். ஆகவே தபாலுக்கு நாலைந்து நாள் கூட்டி, காலண்டர் தேதியையே எழுதிவிடுவது மேல் என்பது என் கருத்து. மாதிரியில் மே 5 அன்று அனுப்பி மே 26 என்று எழுதியது அதனால்தான்.

அனுப்புவதை ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி செய்யுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். டிராக்கிங் பக்கத்தையும் அச்செடுத்து வைப்பது அவசியம், சில மாதம் கழித்து அது இணையத்தில் கிடைக்காமல் போகலாம். கவர் ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். ஒட்டிய கவர் ஆணையத்தில் நல்ல சாட்சி.

நோட்டீஸ் போனதும் வரும் பதில்கள் சில வகைதான். ஒன்று மௌனம். இன்னொன்று ‘உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற இயந்திர மின்னஞ்சல். இதைப் பதிலாக எடுத்துக்கொண்டு கெடுவைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றாவதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது: பணத்துக்குப் பதில் கூப்பனோ, ஆப்பின் வாலட்டில் தொகையோ போட்டுவிட்டு ‘தீர்க்கப்பட்டது’ என்பார்கள். கேட்டது வங்கிக் கணக்கில் பணம். ஏற்கவில்லை என்று அன்றே ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்த வாலட்டில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். பிடித்தம் போக 34,000 மட்டும் வந்தால், ‘மீதி 4,500க்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி வாங்கலாம். முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பிறகு வாய்திறப்பது கடினம்.

அபூர்வமாக நேரடி மறுப்பு வரும்: ‘பொருளை நீங்கள்தான் சேதப்படுத்தினீர்கள்.’ கோபம் வரும், ஆனால் நோட்டீஸ் செய்யக்கூடிய நல்ல வேலைகளில் இது ஒன்று. அவர்களுடைய வாதம் என்ன என்பது வழக்குக்கு முன்பே தெரிந்துவிட்டது. மெக்கானிக்கின் அறிக்கையை, பிரித்த அன்று எடுத்த படங்களை அதற்கேற்பத் தயார் செய்யலாம்.

மே 26 கடந்துவிட்டால் இன்னொரு ‘இறுதி’ நோட்டீஸ் அனுப்பாதீர்கள். இரண்டாவது இறுதி வந்தால் முதலாவதற்கு மதிப்பு போய்விடும். புகாரை இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையமே போதும். செலுத்திய விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. எந்த ஆணையம் என்பதையும் நீங்கள் செலுத்திய விலைதான் முடிவு செய்கிறது. அதனால் மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று நோட்டீஸில் எழுதி ஆவதொன்றுமில்லை, சொல்பவர் மேல் நம்பிக்கை குறைவதைத் தவிர. புகாரில் கேட்பது நோட்டீஸில் கேட்டதோடு பொருந்தட்டும். புகார் ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதி செய்தது.

இத்தனையும் செய்துவிட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு போன் வந்து ‘அடுத்த வாரம் நிச்சயம்’ என்றால்? அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தாலும் உங்கள் காலண்டரில் இன்னொரு தேதி ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும் என்பது சட்டத்தின் 69ஆம் பிரிவு. நோட்டீஸ் அனுப்புவதாலோ, கடிதப் போக்குவரத்து தொடர்வதாலோ அந்தக் காலம் நீளாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் ‘தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்’ என்பது அதற்குத் தேறுமா என்பது நிச்சயமில்லை. பொருள் வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் திருநெல்வேலிக்காரர் 2027 மார்ச் 5ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.